நிற்பதா, பாதி வருவதா, பாய்ந்து விழுவதா?

"அண்ணே, அவன் ஒத்தைக்கு வாறான். நான் போஸ்டுலயே நிக்கட்டா, வெளிய வரட்டா?"

சாயங்காலம் எங்கள் கடற்கரை மைதானத்தில் கோல் காக்கிற பையன்கள் என்னிடம் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான். கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூரிலிருந்து குளச்சல் வரைக்கும், அதைத் தாண்டி முட்டம் பக்கமும், ஊருக்கு ஊர் பந்து உருள்கிற கரை இது. கோல்கீப்பராக நிற்கிற எவனுக்கும் வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்த நிலைமை வரும். தற்காப்பின் நடுவில் நிற்கிற ஸ்டாப்பர் பேக் இருவருக்கும் நடுவே ஒரு பாஸ் வெட்டிக்கொண்டு வரும். எதிரணி ஃபார்வர்ட் அதன் பின்னால் பாய்வான். அவனுக்கும் வலைக்கும் நடுவில் நீ மட்டும் நிற்பாய்.

அப்போது உனக்கு மூன்று வழி உண்டு. கோட்டிலேயே நின்று ஷாட்டுக்குக் காத்திருக்கலாம். சில அடி முன்னே வந்து நிலையாக நின்று கோணத்தைக் குறைக்கலாம். அல்லது முழுக்க ஓடிப்போய் அவன் காலடியிலேயே பந்தை அமுக்கலாம், நீ கையால் தொடக்கூடிய பாக்ஸுக்கு வெளியே என்றால் உதைத்துத் தள்ளலாம். பல பேர் இதைத் துணிச்சல் சம்பந்தப்பட்ட விஷயமாக நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் பத்தொன்பது வயதில் ஒரு திருவிழா டோர்னமெண்ட் ஃபைனலைக் கோட்டைவிட்டேன். அன்று நான் விட்ட ஒரு கோலை வைத்தே மூன்று வழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் நடந்தது. எங்கள் அணி ஏறி ஆடிக்கொண்டிருந்தது. பந்து நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தபோது நான் கோல் கோட்டிலிருந்து இரண்டு மீட்டர் முன்னால் நின்றேன். பந்து அவர்களிடம் போனது. எங்கள் இடது பக்கமாக ஒரு நீளமான பாஸ் வந்தது. அது மணலில் வேகம் குறைந்து, கோட்டிலிருந்து சுமார் 15 மீட்டர் தூரத்தில், கோலின் நடுவிலிருந்து 5 மீட்டர் இடப்பக்கம் தள்ளி அவன் காலுக்குக் கிடைத்தது. நான் ஓடினேன். அவன் பந்தை ஒரு தட்டு தட்டி நிமிர்ந்தபோதும் ஓடிக்கொண்டுதான் இருந்தேன். அவன் பலமாகக்கூட அடிக்கவில்லை. என் இடது கால் தரையைத் தொடுகிற நேரம் பார்த்து அந்தக் காலுக்குப் பக்கத்திலேயே உருட்டிவிட்டான். என் உடம்பின் எடை முழுவதும் அந்தக் காலில் இருந்தது. அதனால் அந்தப் பக்கம் விழ முடியவில்லை. பந்து என்னை ஒரு முழ தூரத்தில் கடந்துபோனது.

"வெளிய வந்ததுதான் தப்பு, லைன்லயே நின்னிருக்கணும்" என்றார்கள் அன்று. அது சரியில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். ஏன் என்று சொல்ல, முதலில் எங்கே நிற்பது என்பதைப் பேச வேண்டும்.

கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். கோல் காக்கத் தொடங்குகிற பையன் பந்துக்கும் கோலின் நடுவுக்கும் நேர்கோடு போட்டு அதில் நிற்பான். பந்து நேர் எதிரே இருக்கும்வரை அது சரி. பந்து ஒரு பக்கம் ஒதுங்கியதும் அந்தக் கோடு ஏமாற்றிவிடும். பந்திலிருந்து இரண்டு போஸ்டுக்கும் இரண்டு கோடு இழுத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். நீ நிற்க வேண்டியது அந்தக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கிற கோட்டில். அந்தக் கோடு கோலின் நடுவில் போய் முட்டாது. பக்கத்துப் போஸ்டின் பக்கம் கொஞ்சம் ஒதுங்கித்தான் முட்டும். உதாரணமாக, பந்து கோட்டிலிருந்து 10 மீட்டர் தூரத்தில், நடுவிலிருந்து 10 மீட்டர் ஒதுங்கி இருக்கிறது என்று வைத்துக்கொள். பாதிக்கோடு பக்கத்துப் போஸ்டிலிருந்து சுமார் 3 மீட்டரில் முட்டும். கோலின் நடு 3.66 மீட்டரில் இருக்கிறது. வித்தியாசம் இரண்டு அடிக்கு மேல். பக்கத்துப் போஸ்டில் கோல் வாங்கி, "எப்படிலே அந்தச் சந்துல போச்சு?" என்று தலையில் கைவைக்கிற கோலிகளில் பாதிப்பேர் இந்த இரண்டு அடியைத்தான் விட்டிருப்பார்கள்.

இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, காட்ட வேண்டும். எங்கள் ஊரில் அதற்குக் கயிற்றுக்குப் பஞ்சமில்லை. பழைய கரமடி வலைக் கயிறு ஒன்றை எடுத்து இரண்டு முனையையும் இரண்டு போஸ்டின் அடியில் கட்டுவோம். நடுக்கயிற்றை இழுத்துக்கொண்டு போய் பந்து இருக்கிற இடத்தில் ஒருவன் காலால் மிதித்துப் பிடிப்பான். இப்போது முக்கோணம் மணலில் கண்ணுக்குத் தெரியும். கோலி உள்ளே நின்று இரண்டு கையையும் விரித்தால், இரண்டு பக்கக் கயிற்றுக்கும் விரல் நுனியிலிருந்து ஒரே தூரம் இருக்க வேண்டும். பந்தை இடம் மாற்றி மாற்றி வைத்து, முதலில் அவனையே நிற்கச் சொல்லிவிட்டு, அப்புறம் கயிற்றை இழுப்போம். ஒரு வாரத்தில் கண் பழகிவிடும். ஆட்டத்தில் கயிறு இருக்காது. அதனால் இன்னொரு பழக்கமும் வேண்டும். பின்னால் போகும்போது பக்கத்துப் போஸ்டைக் கையால் ஒரு தடவை தொட்டுக்கொள்வது, பெனால்டி புள்ளியையும் ஐந்தரை மீட்டர் கோட்டையும் ஓரக்கண்ணால் பார்த்து உன் இடத்தைக் கணக்குப் பண்ணுவது. மணல் மைதானத்தில் சுண்ணாம்புக்கோடு முதல் பாதியிலேயே அழிந்துவிடும். அதனால் போஸ்டைத் தொடுகிற பழக்கம் எங்களுக்கு ரொம்ப முக்கியம்.

பாதிக்கோட்டில் நிற்பது மூன்று வழிக்கும் பொது. எவ்வளவு முன்னே என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

என் பழைய கோலின் கணக்கையே எடுப்போம். பந்து 15 மீட்டரில், 5 மீட்டர் ஒதுங்கி இருக்கிறது. சாய்வாகப் பார்ப்பதால் அடிப்பவனுக்குக் கோலின் அகலம் ஏறக்குறைய 7 மீட்டராகத்தான் தெரியும். நான் கோட்டிலேயே நின்றால் என் இரண்டு பக்கமும் மூன்றரை மீட்டர் வீதம் திறந்திருக்கும். பந்து நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்தால் என்னிடம் சேர 0.8 விநாடி ஆகும். எந்தப் பக்கம் என்று கண்டு உடம்பு அசையத் தொடங்கவே கால் விநாடி போய்விடும். மீதி அரை விநாடிக்குச் சற்று மேல்.

ஐந்து மீட்டர் முன்னே வந்து நின்றால், அந்த இடத்தில் முக்கோணத்தின் அகலம் சுமார் 4.6 மீட்டர்தான். பக்கத்துக்கு 2.3. ஆனால் பந்து அரை விநாடியில் வந்துவிடும். அசையக் கிடைப்பது கால் விநாடியும் கொஞ்சமும். இடமும் குறைகிறது, நேரமும் குறைகிறது. மூலையைப் பார்த்துப் பலமாக அடித்த ஷாட்டுக்கு இந்த இரண்டும் ஏறக்குறைய சரிக்குச் சரியாகிவிடும். "முன்னே வந்தால் பாதி கோல் மூடிவிடும்" என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் இந்த நேரக் கணக்கைச் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை.

அப்படியானால் முன்னே வருவதில் என்ன லாபம்? அடிப்பவனின் கண்ணில் இருக்கிறது லாபம். நான் நகராமல் கையும் காலும் நீட்டித் தொடக்கூடிய இடம், இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு மீட்டர் என்று வைப்போம். கோட்டில் நின்றால் ஏழில் இரண்டு போக, ஐந்து மீட்டர் கோல் அவனுக்குத் திறந்து தெரியும். ஐந்து மீட்டர் முன்னே நின்றால் அதே இரண்டு மீட்டர் உடம்பு கோல் கோட்டில் மூன்று மீட்டரை மறைக்கும். அவனுக்கு நான்கு மீட்டர்தான் தெரியும், அதுவும் இரண்டு துண்டாக, போஸ்டை ஒட்டி. மணலில் ஓடிவந்து மூச்சு வாங்க அடிக்கிறவன் அந்தத் துண்டுகளைக் குறிவைக்கும்போது பல ஷாட் வெளியே போகும், பல ஷாட் நேராக என் மேல் வரும்.

இதே கணக்கைப் பந்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார். பந்து பெனால்டி புள்ளியில், 11 மீட்டரில் இருக்கிறது. நான் அதிலிருந்து 3 மீட்டர் தூரத்தில் நிற்கிறேன். அங்கே முக்கோணத்தின் அகலம் வெறும் 2 மீட்டர். உடம்பை விரித்தாலே அடைந்துவிடும். பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று பார்க்கவே வேண்டாம், பார்க்க நேரமும் இல்லை. 2022 உலகக்கோப்பை ஃபைனலில், கூடுதல் நேரமும் முடிந்து மூன்றாவது நிமிடம், மூன்றுக்கு மூன்று என்று இருந்தபோது ஃபிரான்ஸின் கோலோ முவானி ஒத்தைக்கு வந்தாரே, அப்போது எமிலியானோ மார்ட்டினெஸ் செய்தது இதுதான். முன்னே வந்து, கைகளை விரித்து, இடது காலை நீட்டினார். பந்து காலில் பட்டுத் தெறித்தது. அவர் பந்தைப் பார்த்துப் பாய்ந்து பிடிக்கவில்லை, அது வரக்கூடிய வழியை உடம்பால் அடைத்தார்.

ஆகவே கோட்டில் நின்றால் நேரம் உன் பக்கம். பந்துக்கு மிக அருகில் இருந்தால் இடம் உன் பக்கம். நடுவில் இரண்டும் அரைகுறை. நடுவில் நிற்பது தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. பல நேரம் அதுதான் கிடைக்கிற ஒரே நல்ல இடம். ஆனால் நடுவில் இருக்கிறவன் கட்டாயம் நின்றிருக்க வேண்டும். அங்கே ஓடிக்கொண்டிருந்தால் நேரமும் போயிற்று, இடமும் போயிற்று.

"நின்றிருப்பது" என்றால் என்ன என்பதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் விட்ட கோல் இதில்தான் போனது. அடிப்பவன் கால் பின்னால் போய், தலை குனிந்து, பந்தைப் பார்க்கிற கணம் ஒன்று இருக்கிறது. அந்தக் கணத்தில் உன் இரண்டு பாதமும் தரையில், தோள்பட்டை அகலத்துக்கு, எடை விரல்பக்கம், கைகள் முழங்காலுக்குச் சற்று மேலே, உள்ளங்கை முன்னே பார்த்தபடி இருக்க வேண்டும். பந்திலிருந்து எட்டு மீட்டரோ பத்து மீட்டரோ, எங்கே இருக்கிறாயோ அங்கேயே நின்றுவிடு. இன்னும் இரண்டு அடி முன்னே போனால் நல்லது என்று தோன்றும், போகாதே. ஒரு கால் காற்றில் இருக்கும்போது ஷாட் வந்தால், தரையில் இருக்கிற காலின் பக்கம் நீ விழவே முடியாது. அனுபவமுள்ள ஃபார்வர்ட் அந்தக் காலைத்தான் பார்ப்பான்.

முன்னே போக நேரம் எது என்றால், பந்து அவன் காலைவிட்டுப் பிரிந்திருக்கும் நேரம். அவன் தட்டிவிட்டுப் பின்னால் ஓடும்போது அவனால் அடிக்க முடியாது. அப்போது நீ ஓடலாம். அவன் காலுக்குப் பந்து திரும்பி வருகிறது என்றால் நீ நின்றாக வேண்டும். அடுத்த தட்டில் மறுபடியும் ஓடலாம். தட்டு, ஓட்டம், நிறுத்தம், தட்டு, ஓட்டம், நிறுத்தம் என்று அவனோடு தாளம் சேர்ந்து போகிற மாதிரி இருக்கும். தட்டு நீண்டுபோனால், அதாவது பந்து அவனைவிட உனக்குக் கிட்டே வந்துவிட்டால், நிறுத்தம் கிடையாது. நேராகப் போய் அமுக்க வேண்டியதுதான்.

நடுவில் நிற்கிறவனுக்கு இன்னொரு பயம், தலைக்கு மேலே தூக்கிப் போட்டுவிடுவானோ என்று. இந்தப் பயம் கொஞ்சம் மிகையானது. 16 மீட்டரிலிருந்து உன் கைக்கு மேலே போய், பாருக்குக் கீழே இறங்குகிற பந்து காற்றில் ஒரு விநாடிக்கு மேல் இருக்கும். ஐந்து மீட்டர் முன்னே நிலையாக நிற்பவன் பல நேரம் அதற்குள் திரும்பிப் பின்னே போய்த் தட்டிவிடலாம். இப்படித் தூக்கிப் போடுகிற லாப் பெரும்பாலும் கோலாவது இரண்டு பேருக்குத்தான்: முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்கிறவனுக்கு, அல்லது ஏழெட்டு மீட்டருக்கு மேல் வெளியே வந்தும் பந்துக்குக் கிட்டே போய்ச் சேராதவனுக்கு. பந்துக்கு மூன்று மீட்டருக்குள் போய்விட்டால் அவன் அவ்வளவு செங்குத்தாகத் தூக்குவது ரொம்பக் கஷ்டம். அந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது.

இனி மூன்றாவது வழி, முழுக்கப் போவது. இது ஓட்டப்பந்தயம். ஓட்டப்பந்தயத்தில் யார் ஜெயிப்பார் என்பது பெரும்பாலும் எங்கிருந்து கிளம்பினோம் என்பதில் இருக்கிறது. என் ஃபைனலில் பாஸ் கிளம்பியபோது அந்த ஃபார்வர்ட் பந்து போய்ச்சேர இருந்த இடத்திலிருந்து 11 மீட்டர் தூரத்தில், ஏற்கெனவே ஓட்டத்தில் இருந்தான். அவனுக்கு 1.6 விநாடி ஆகியிருக்கும். நான் கோட்டிலிருந்து 2 மீட்டரில் நின்றதால் எனக்கு அந்த இடம் கிட்டத்தட்ட 14 மீட்டர். நின்ற நிலையிலிருந்து மணலில் கிளம்பினால் மூன்று விநாடிக்குக் குறையாது. அவன் பந்தைத் தொட்டபோது நான் பாதி வழியில்கூட இல்லை.

நான் 8 மீட்டர் முன்னே, கொஞ்சம் அவன் பக்கம் ஒதுங்கி நின்றிருந்தால்? பந்துக்கு 8 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அப்போதும் அவன்தான் முதலில் தொட்டிருப்பான், ஆனால் அந்த நேரம் நான் அவன் காலிலிருந்து இரண்டு மீட்டருக்குள் வந்திருப்பேன். நிமிர்ந்து பார்க்க அவனுக்கு நேரமில்லை. முதல் தட்டு அரை அடி நீண்டாலும் பந்து என் மார்பில். அதே பாஸ், அதே ஃபார்வர்ட், அதே நான். ஆறு மீட்டர் வித்தியாசத்தில் மூன்றாவது வழி நடக்காத காரியத்திலிருந்து நல்ல வழியாக மாறியிருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், அன்று என் தவறு பாஸ் கிளம்புவதற்கு முன்பே நடந்துவிட்டது. எங்கள் அணி ஏறி ஆடும்போது ஸ்டாப்பர் பேக்குகள் நடுக்கோடு வரை போயிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நாற்பது மீட்டர் வெற்றிடம் கிடந்தது. அந்த வெற்றிடத்துக்கு நான்தான் சொந்தக்காரன். நான் கோட்டுக்குப் பக்கத்தில் காவல் நின்றேன். தவறான இடத்தில் நின்றுவிட்டு, சரியான இடத்தில் நின்றவன் எடுக்க வேண்டிய முடிவை எடுத்தேன். அந்த இடத்திலிருந்து எனக்கு மிச்சமிருந்த நல்ல வழி இரண்டாவதுதான். வேகமாக மூன்று நான்கு எட்டு, ஐந்து மீட்டர் வரை வந்து, அவன் முதல் தட்டுக்கு முன்பே நின்றிருக்க வேண்டும். கோல் விழாமல் இருந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உருட்டிவிட்டதெல்லாம் உள்ளே போயிருக்காது.

முன்னே நிற்பதை உலகம் நன்றாகப் பார்த்த ஆட்டம் 2014 உலகக்கோப்பையில் ஜெர்மனியும் அல்ஜீரியாவும் மோதியது. ஜெர்மனியின் பின்வரிசை ஏறி நின்றது. அதற்குப் பின்னால் வந்த பந்துகளை மானுவல் நோயர் திரும்பத் திரும்பப் பாக்ஸுக்கு வெளியே வந்து காலாலும் தலையாலும் அப்புறப்படுத்தினார். அந்த ஆட்டத்தை எங்கள் பையன்களுக்குப் போட்டுக் காட்டும்போது, அவர் ஓடுவதைப் பார்க்காதே, பாஸ் கிளம்புகிற நேரத்தில் எங்கே நிற்கிறார் என்று பார் என்பேன்.

தாமதமாகக் கிளம்பினால் என்ன விலை என்பதற்கும் ஒரு பெரிய ஆட்டம் இருக்கிறது. 2006 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், பாரிஸ். ஆர்செனல் கோல்கீப்பர் யென்ஸ் லேமன் 18-ஆவது நிமிடத்தில் பார்சிலோனாவின் எட்டோவைத் தடுக்க வெளியே வந்து, பாக்ஸுக்கு வெளியே அவரை வீழ்த்தி, சிவப்பு அட்டை வாங்கினார். பத்துப் பேரோடு ஆடிய ஆர்செனல் முதலில் கோல் போட்டும், கடைசியில் 2-1 என்று தோற்றது. இங்கே விதியையும் தெரிந்துகொள்ள வேண்டும். பாக்ஸுக்குள், பந்துக்காக முயன்று, நிச்சயமான கோல் வாய்ப்பைத் தவறிப்போய்த் தடுத்தால் பெனால்டியும் மஞ்சள் அட்டையும். 2016-இலிருந்து அப்படித்தான். அதையே பாக்ஸுக்கு வெளியே செய்தால் ஃப்ரீ கிக்கும் சிவப்பு அட்டையும். வெளியே கையால் தொட்டு அப்படி ஒரு வாய்ப்பைத் தடுத்தாலும் சிவப்புதான். ஆகையால் 16.5 மீட்டர் கோடு தாண்டப் போகிறாய் என்றால் பந்து நிச்சயம் கிடைக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். பாதிக்குப் பாதி என்றால் கோட்டுக்குள்ளேயே இரு. சிவப்பு அட்டையைவிட ஒரு கோல் மலிவு, அதுவும் ஆட்டத்தின் தொடக்கத்தில்.

முதல் வழியை இதுவரை நான் குறைத்துப் பேசியது போலத் தோன்றலாம். கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பதே சரியாக இருக்கிற இடங்கள் உண்டு. ஃபார்வர்ட் ஓரத்தில் கோல்கோட்டை ஒட்டி வருகிறான், உள்ளே இன்னொருவன் காத்திருக்கிறான் என்றால், வெளியே பாய்கிறவன் ஏமாந்தான். ஒரு சின்ன பாஸில் காலிக் கோல். அந்தக் கோணத்தில் அவனே அடிக்கக் கிடைப்பது குறுகலான சந்து. பக்கத்துப் போஸ்டை அடைத்து, ஓர் அடி முன்னே, உடம்பைக் கொஞ்சம் உள்பக்கம் திறந்து நின்றால், ஷாட்டையும் பார்க்கலாம், பாஸ் போனால் ஒரே எட்டில் நகரவும் செய்யலாம். அதேபோல நம் டிஃபெண்டர் ஒருவன் ஃபார்வர்டின் தோளை ஒட்டி ஓடிவருகிறான் என்றால் பாயாதே. அவன் ஒரு பக்கத்தை ஏற்கெனவே அடைத்துவிட்டான். நீ மறுபக்கம் நின்று நேரத்தை வாங்கு. ஒவ்வொரு அரை விநாடியும் ஃபார்வர்டுக்குத்தான் நஷ்டம்.

நேராக இரண்டு பேர் உன் ஒருவனை நோக்கி வந்தாலும் பாயக்கூடாது. ஆனால் பந்து வைத்திருப்பவன் தலையைக் குனிந்துவிட்டால் அவன் மற்றவனைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அப்போது அவனை ஒற்றை ஆளாகவே எண்ணிக்கொள்ளலாம்.

இந்த எண்கள் எல்லாம் மைதானத்துக்கு மைதானம் மாறும். நம் மாவட்டத்திலேயே இரண்டு உலகம் இருக்கிறது. கடற்கரை மணலில் முதல் எட்டு புதையும், கோலிக்கும் ஃபார்வர்டுக்கும் ஒரேபோல. ஆனால் பாஸ் வேகம் குறைந்து நின்றுவிடும், தட்டிய பந்து எதிர்பாராமல் எகிறும். அதனால் மணலில் ஃபார்வர்டின் தட்டு அடிக்கடி கெட்டுப்போகும். கிளம்பும் இடம் சரியாக இருந்தால் மூன்றாவது வழிக்கு மணல் நல்ல நண்பன், விழுந்தாலும் வலிக்காது. மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் செம்மண் மைதானத்தில் ஆடப் போனால் பாஸ் வழுக்கிக்கொண்டு வரும். நீ எடுக்கலாம் என்று கணக்குப் போட்ட பந்து உன்னைத் தாண்டிவிடும். அங்கே சரளைக்கல்லில் இடுப்பும் முழங்கையும் உரியும் என்ற பயம் எங்கள் பையன்களைக் கோட்டிலேயே கட்டிப்போடுவதையும் பார்த்திருக்கிறேன். முழுநீள பேண்ட் போட்டு, முழங்கைக்கு உறை மாட்டச் சொல்வேன். பயத்தோடு பாதி விழுகிறவன் விழாதவனைவிட மோசமாக அடிபடுவான்.

காற்றையும் பார்க்க வேண்டும். சாயங்காலம் கடலிலிருந்து கரைக்கு வீசும், ஆனி ஆடியில் இன்னும் பலமாக. கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிற கோலில் இருந்தால், உனக்கு வருகிற நீளப்பந்து காற்றை எதிர்த்து வந்து, நினைத்ததற்கு முன்னாலேயே விழும். இரண்டு மூன்று மீட்டர் கூடுதலாக முன்னே நிற்கலாம், தலைக்கு மேலே போகிற பயம் குறைவு. இடைவேளைக்குப் பிறகு கடலைப் பார்த்து நிற்கும்போது அதே பந்து காற்றோடு சேர்ந்து உன்னைத் தாண்டும். அப்போது அந்த இரண்டு மூன்று மீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆட்டம் தொடங்குவதற்கு முன் கொஞ்சம் மணலை அள்ளிக் காற்றில் விட்டுப் பார்க்கிற எங்கள் ஊர்ப் பழக்கம் இதற்குத்தான்.

போன மாதம் ஒரு பயிற்சி ஆட்டத்தில் எங்கள் பையன் ஒருவன், பதினாறு வயது, ஒன்பது மீட்டர் முன்னே நின்றுகொண்டிருந்தான். பாஸ் வெட்டிக்கொண்டு வந்தது. அவன் கிளம்பினான், நான்கு எட்டு ஓடினான். ஃபார்வர்டின் முதல் தட்டு காலோடு ஒட்டியே இருந்தது. பையன் சட்டென்று நின்றான், இரண்டு காலும் மணலில். அடுத்த தட்டு சற்று நீண்டது. அவன் பக்கவாட்டில் சரிந்து, இரண்டு கையையும் முன்னே விட்டு, பந்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். எழுந்து மணலைத் தட்டியபடியே என்னைப் பார்த்தான்.

"ஏண்ணே, முதல்லயே பாஞ்சிருக்கலாமோ?"

"முதல் தட்டுல பந்து எங்க இருந்துச்சு?"

"அவன் கால்ல."

"ரெண்டாவதுல?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டு கையையும் விரித்து இடைவெளியை அளந்து காட்டினான். பிறகு பந்தை எறிந்துவிட்டு, பின்னால் போய், போஸ்டைத் தொட்டு, மறுபடியும் ஒன்பது மீட்டருக்கு நடந்து வந்தான்.